பெற்றோருக்குப் பிறகு: வங்கி வைப்பும் லொக்கரும்

(பாடசாலை நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த ஒன்றுகூடலில் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசச் சொல்லுவா என்றுதான் நினைத்தோம். அவ சொன்னது வேறு. "வருத்தங்களைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். அம்மாவின்ர பாங்குக் காசையும் லொக்கரையும் நீங்கள் என்னெண்டு எடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. எங்கட வகுப்பில மட்டும் நாலு பேர் அதுக்காக அலையிறம்" என்றா. ஆகவே எமது வீட்டுக் கதையையே இன்று சொல்லுகிறோம். நாங்கள் விட்ட பிழைகளையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

எமது வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவர் அண்ணா, கனடாவில். அடுத்தவர் அக்கா, கிளிநொச்சியில். மூன்றாவது, உங்கள் முன்னால் நிற்கும் நாம். கடைசி, தம்பி. 2009 இல் காணாமற்போனவன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா பூவரசங்குளத்து வீட்டிலேயே இருந்து, 2022 கார்த்திகையில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் காலமானா. அவ விட்டுப்போனவை வீடும் வளவும், ஒரு சேமிப்புக் கணக்கு, இரண்டு நிலையான வைப்புகள், ஒரு லொக்கர். இவ்வளவையும் முறையாகப் பெற்று முடிக்க ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட எடுத்தது.

முதல் இடறல் பெயரில் வந்தது. வைத்தியராகப் பல வருடம் வேலை செய்தும் இதை எமது வீட்டில் கவனிக்கத் தவறினோம். ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது கூட வந்தவர் சொல்லுகிற பெயரைத்தான் கட்டில் சீட்டில் எழுதுவார்கள். மரணத்துக்கான காரணத்தை எழுதும் படிவத்துக்கும் அங்கிருந்தே பெயர் போகிறது. பதிவாளர் அதைப் பார்த்தே இறப்பைப் பதிகிறார். அம்மாவைக் கொண்டுபோன பக்கத்து வீட்டுத் தம்பி, ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருந்தான். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் இருந்தது வேறு பெயர். இறப்புப் பதிவு செய்யும் நாளிலேயே அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோய் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்திருந்தால் ஐந்து நிமிட அலுவல். பிறகு திருத்துவதற்கு விண்ணப்பம், சத்தியக்கடதாசி, ஆதாரங்கள் என்று இரண்டு மாதம் போய்விட்டது. இறப்புச் சான்றிதழில் ஐந்தாறு பிரதிகள் சேர்த்து எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வங்கியும், நீதிமன்றமும், காணி அலுவலும் தனித்தனியாகக் கேட்கும்.

இரண்டாவது பிழை இன்னும் வெட்கமானது. செத்தவீட்டுச் செலவுக்குக் கையில் காசு போதவில்லை. அம்மாவின் ஏ.ரி.எம். அட்டையின் இரகசிய இலக்கம் அக்காவுக்குத் தெரியும். வங்கிக்கு அறிவிக்க முன்னர் இரண்டு நாளில் 80,000 ரூபா எடுத்தோம். அம்மாவின் காசு, அம்மாவின் காரியத்துக்குத்தானே என்று நினைத்தோம். ஆனால் ஒருவர் இறந்த கணமே அந்த அட்டையைப் பாவிக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. அவர் உயிரோடிருக்கையில் யாருக்காவது எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவமும் அவரோடேயே செத்துவிடுகிறது. வங்கிக் கூற்றில் திகதி இருக்கிறது, இறப்புச் சான்றிதழிலும் திகதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் விளங்கும். பெட்டிக்காரன், பந்தல்காரன், சமையற்காரன் எல்லோரிடமும் பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருந்தபடியால் தப்பினோம். மரணச் செலவு சொத்திலிருந்து கழிக்கக்கூடிய செலவுதான் என்று எமது சட்டத்தரணி அதைக் கணக்கில் வெளிப்படையாகக் காட்டினார். பற்றுச்சீட்டு இல்லாமல், சகோதரங்களுக்குள் மனக்கசப்பும் இருந்திருந்தால், இந்த 80,000 ரூபாவே ஒரு வழக்காகியிருக்கும்.

எட்டுச் செலவு முடிந்த பிறகு வங்கிக்குப் போனோம். வாயால் சொன்னால் போதாது. இறந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தெரிந்த கணக்கு இலக்கங்கள், லொக்கர் இலக்கம் ஆகியவற்றை எழுதி, இறப்புச் சான்றிதழை இணைத்து, கடிதமாகக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்க வேண்டும். அன்றிலிருந்து வங்கி கணக்குகளை நிறுத்தி வைக்கும், லொக்கரையும் பூட்டி வைக்கும். அதே கடிதத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவரின் பெயரில் வேறு கணக்குகள் உண்டா? ஒவ்வொன்றுக்கும் பின்னுரித்தாளி யார்? இறந்த திகதியில் ஒவ்வொன்றிலும் மீதி எவ்வளவு? நிலையான வைப்பு முதிரும் நாள் எது, முதிர்ந்தால் அது தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். வழக்கு முடியும்வரை வட்டி இல்லாமல் காசு சும்மா கிடந்த குடும்பங்களும் உண்டு.

வங்கி தந்த பதிலில்தான் எமது அலுவல் மூன்றாகப் பிரிந்தது.

முதலாவது, ஆறு இலட்சம் ரூபா வைப்பு. அதற்கு அம்மா அக்காவைப் பின்னுரித்தாளியாகப் போட்டிருந்தா. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, கணக்கு வைத்திருப்பவர் தனது மரணத்தின் பின் காசு யாருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று பெயர் குறிக்க இடம் தருகிறது. அப்படிப் பெயர் இருந்தால் வங்கி அதையே பார்க்கும். அக்கா இறப்புச் சான்றிதழையும் தனது அடையாள அட்டையையும் கொடுத்துப் படிவம் நிரப்பினா. இரண்டு கிழமையில் காசு வந்தது. நீதிமன்றம் தேவைப்படவில்லை.

இரண்டாவது, சேமிப்புக் கணக்கு. அதில் பின்னுரித்தாளி இல்லை. இறந்தவரின் முழுச் சொத்தும் சிறியதாக இருந்தால், பிரதேச செயலாளர் உறுதிப்படுத்திய கிராம அலுவலரின் கடிதம், எல்லா வாரிசுகளும் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி, பிறகு வேறு வாரிசு வந்தால் பொறுப்பேற்போம் என்ற பிணைப் பத்திரம் ஆகியவற்றோடு வங்கிகள் கொடுத்துவிடுவதுண்டு. எவ்வளவு தொகைவரை என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். ஆனால் சட்டத்தில் ஓர் எல்லை இருக்கிறது. சொத்தின் பெறுமதி அந்த எல்லையைத் தாண்டினால் நீதிமன்றத்தின் அதிகாரப் பத்திரம் வேண்டும். 1993 திருத்தத்தில் அந்த எல்லை ஐந்து இலட்சம் ரூபா. பின்னர் அது நாற்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். எமது கணக்கில் இரண்டு இலட்சம்தானே இருக்கிறது, நீதிமன்றம் எதற்கு என்று நாங்களும் கேட்டோம். எல்லையைப் பார்ப்பது ஒரு கணக்குக்கு அல்ல. காணி, வீடு, வைப்பு, நகை எல்லாம் சேர்ந்த முழு முதுசத்துக்கு. எமது வீட்டையும் வளவையும் மதிப்பீட்டாளர் ஐம்பத்தைந்து இலட்சம் என்றார். ஆகவே நீதிமன்றம் போகத்தான் வேண்டியிருந்தது.

மூன்றாவது, பன்னிரண்டு இலட்சம் ரூபா வைப்பு. 2005 இல் அம்மா சிறு தொகையாகத் தொடங்கி, வட்டியோடு சேர்த்துச் சேர்த்துப் புதுப்பித்தது. வங்கி உத்தியோகத்தர் திரையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பின்னுரித்தாளியின் பெயரை வாசித்தார். தம்பியின் பெயர்.

அம்மா அந்தப் பெயரை மாற்றவே இல்லை. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மாற்றச் சொல்லி வங்கியில் கேட்டிருப்பார்கள். அவ மாட்டேன் என்றிருப்பா. தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுக்கவும் அவ கடைசிவரை சம்மதிக்கவில்லை. இங்கே இருப்பவர்களில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். பின்னுரித்தாளி கணக்காளருக்கு முன்பே இறந்திருந்தால் அந்த நியமனம் செல்லாது. காசு முதுசத்தோடு சேரும். உயிரோடு இருந்தால் காசு அவருக்குப் போகும். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாதவரை வங்கி இரண்டில் ஒன்றையும் செய்யாது. எமக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் தம்பியின் மரணத்தைப் பதியலாம். அப்படிச் செய்தால் அலுவல் சுருங்கும். அவனுக்கு மனைவி பிள்ளைகள் இல்லாதபடியால் மூன்று பேரோடு பங்கு முடிந்துவிடும். மற்றது, அந்தச் சட்டத்துக்கு 2016 இல் வந்த திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுப்பது. அது அவர் இறந்தார் என்று சொல்லாது; இப்போது இல்லை என்று மட்டும் சொல்லும். குடும்பம் சில அலுவல்களைச் செய்யவும் அவரின் சொத்தை இடைக்காலமாகப் பராமரிக்கவும் அது உதவும். ஆனால் அவரின் பங்கை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுக்காது.

மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருந்து கதைத்தோம். அண்ணாதான் முடிவைச் சொன்னார். "அம்மா பதின்மூண்டு வருசமா எழுதாததை, காசுக்காக நாங்கள் எழுத வேண்டாம்." காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். வேறு குடும்பங்கள் மற்ற வழியைத் தேர்ந்திருக்கின்றன. அவர்களின் நிலையும் நியாயமும் வேறு. எது என்றாலும், எந்தத் தாளில் ஒப்பமிடுகிறீர்கள், அதனால் பங்கு எப்படி மாறும் என்று தெரிந்துகொண்டு ஒப்பமிடுங்கள்.

இனி லொக்கர். லொக்கருக்கு இரண்டு திறப்புகள். ஒன்று வாடகைக்கு எடுத்தவரிடம், மற்றது வங்கியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அம்மாவின் திறப்பு அரிசிப் பானைக்குள் ஒரு துணியில் முடிந்திருந்தது. திறப்பு கிடைக்காவிட்டால் வங்கி ஆள் அழைத்து உடைத்துத்தான் திறக்க வேண்டும். செலவு வாரிசுகளின் தலையில் விழும். திறப்பு கிடைத்ததும் ஒரு மாமா, "அறிவிக்க முதல் போய்த் திறந்து எடுத்திருக்கலாமே" என்றார். அம்மா தனியே வாடகைக்கு எடுத்த லொக்கர் அது. அதோடு, லொக்கர் அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் திகதியும் நேரமும் எழுதி ஒப்பமிடும் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஏ.ரி.எம். கதையில் சொன்ன அதே ஆபத்துத்தான் இதிலும்.

பொருட்களைக் கையளிக்க நீதிமன்றப் பத்திரம் வேண்டும் என்று வங்கி சொன்னது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீதிமன்றத்துக்குச் சொத்துப் பட்டியல் கொடுக்க முடியாது. மரணசாசனம் உள்ளே இருந்தால் வழக்கின் போக்கே மாறும். ஆகவே, மரணசாசனம் இருக்கிறதா என்று தேடவும் பட்டியல் எடுக்கவும் மட்டும் திறக்க அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தோம். குறித்த நாளில் வங்கி உத்தியோகத்தர் இருவர், எமது சட்டத்தரணி, சாட்சியாக ஒரு சமாதான நீதவான், அக்கா, நாம் ஆகியோர் இருந்தோம். அண்ணா கனடாவில் இருந்து தனது சம்மதத்தை எழுத்தில் அனுப்பியிருந்தார்.

மரணசாசனம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அதைக் கண்டெடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது. தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். காணி உறுதி இருந்தது. மூன்று துணிப் பொட்டலங்கள் இருந்தன. முதல் இரண்டில் அம்மாவின் நகைகள். அடகுப் பகுதித் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, "தங்க நிறச் சங்கிலி, இவ்வளவு கிராம்" என்று எழுதினார்கள். மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரு தாலிக்கொடி. அதனோடு அம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டு. பக்கத்து வளவில் இருந்து இந்தியாவுக்குப் போன ஓர் அக்காவின் பெயர், ஏழு பவுண், ஒரு திகதி.

அந்த நேரத்தில் அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட வேண்டும் போல்தான் இருந்தது. எமதல்லாத பொருள், உரியவருக்குக் கொடுத்துவிட்டால் முடிந்ததே என்ற எண்ணம். சட்டத்தரணி தடுத்தார். துண்டில் இருந்ததை அப்படியே பட்டியலில் எழுதி, பொட்டலத்தைத் தனி உறையில் இட்டு, எல்லோரும் குறுக்கே ஒப்பமிட்டு, மற்றவற்றோடு திரும்ப உள்ளே வைக்கச் சொன்னார். பட்டியல் மூன்று பிரதி: ஒன்று வங்கிக்கு, ஒன்று எமக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. அன்று அதை எடுத்திருந்தால், மற்றப் பொட்டலங்களிலிருந்தும் என்ன போயிற்று என்று யாரும் கேட்டிருக்கலாம். துண்டு இல்லாதிருந்தால் அந்தத் தாலிக்கொடி எமது முதுசமாகவே கணக்கில் போயிருக்கும். இடம்பெயர்ந்த எமது ஊர்களில் ஒருவரின் நகை இன்னொருவரின் பெட்டிக்குள் இருப்பது புதுமையில்லை. இன்னொருவரின் பொருளை உங்கள் லொக்கரில் வைத்திருந்தால், இன்றைக்கே ஒரு துண்டு எழுதி அதோடு வையுங்கள். லொக்கர் வாடகையையும் விடாமல் கட்டுங்கள்.

வவுனியா மாவட்ட நீதிமன்றத்தில் அக்காவை நிருவாகியாகக் கேட்டு மனுப் போட்டோம். மரணசாசனம் இல்லாவிட்டால் நீதிமன்றம் ஒருவருக்கு நிருவாகக் கடிதம் கொடுக்கும். சொத்தைச் சேர்த்து, கடனை அடைத்து, பங்கிட்டு, நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு அவருடையது. மனுவோடு இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கி தந்த மீதிக் கடிதம், லொக்கர் பட்டியல், காணி மதிப்பீடு ஆகியவை போயின. வாரிசுகள் அனைவரின் பெயரையும் எழுத வேண்டும். ஒருவரை விட்டால் பின்னர் முழுவதும் குழம்பும். தம்பியின் பெயரையும், காணாமற்போனவர் என்ற குறிப்போடும் சான்றிதழோடும் எழுதினோம். நீதிமன்றம் பத்திரிகையில் அறிவித்தல் போடுவித்து, ஆட்சேபம் இருப்பவர்கள் வருவதற்குத் திகதி குறித்தது. எவரும் வரவில்லை. மனுப் போட்டதிலிருந்து கடிதம் கைக்கு வரப் பத்து மாதம் எடுத்தது.

உங்கள் குடும்பத்தைத் தேசவழமை ஆளுகிறதா, பொதுச் சட்டம் ஆளுகிறதா என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். எமக்கு அப்பா முன்பே இறந்தபடியால் பங்கு பிள்ளைகளோடு நின்றது. தாய் தகப்பனில் ஒருவர் உயிரோடு இருந்தால், சொத்து முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதைப் பொறுத்து அவரின் பங்கு மாறும்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு சொல். அண்ணாவின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால். கனடாக் கடவுச்சீட்டில் அது கடைசியில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தனிச் சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் ஒப்பத்தை அத்தாட்சிப்படுத்தி அனுப்பினார். உங்களுக்காக இங்கே ஒருவர் அலுவல் பார்ப்பதானால் அற்றோணித் தத்துவத்தையும் அப்படியே செய்து, இங்கு பதிய வேண்டும். அதில் எந்த வங்கி, எந்தக் கணக்கு, எந்த லொக்கர், எந்த வழக்கு என்று எழுதுங்கள். "எல்லா அலுவல்களுக்கும்" என்று எழுதிய தத்துவத்தை வங்கி திருப்பி அனுப்பலாம். அதைவிட, உங்கள் காணியையே யாராவது விற்றுவிடவும் அது வழியாகலாம்.

நிருவாகக் கடிதத்தின் உறுதிப்படுத்திய பிரதியோடு போனபோது வங்கி சேமிப்புக் காசை அக்காவின் நிருவாகக் கணக்குக்கு மாற்றியது. லொக்கரைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திறந்து தந்தது. தாலிக்கொடியை, நீதிமன்றத்துக்குச் சொல்லி, அந்த அக்காவின் மகளிடம் ஒப்பம் வாங்கிக் கொடுத்தோம். அவவும் இந்தப் பாடசாலைப் பிள்ளைதான். தம்பியின் பெயரில் இருந்த பன்னிரண்டு இலட்சத்தைப் பங்கிடவில்லை. நீதிமன்றத்தின் அனுமதியோடு அது வைப்பாகவே தொடருகிறது. முதுசத்தில் அவனின் நான்கில் ஒரு பங்கும் அப்படியே தனியாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவின் வைப்புச் சான்றிதழ்களை எடுத்து, பின்னுரித்தாளியாக யாரின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முப்பது வருடத்துக்கு முன் போட்ட பெயர், இறந்தவரின் பெயர், கலியாணத்துக்கு முன் இருந்த பெயர் எல்லாம் இருக்கும். கணக்காளர் உயிரோடு இருக்கும்போது அதை மாற்ற ஒரு படிவமும் ஓர் ஒப்பமும் போதும். பழைய சேமிப்புப் புத்தகம் ஏதாவது கிடந்தால் அதையும் கொண்டுபோய்ப் பதிவியுங்கள். பத்து வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கின் காசு மத்திய வங்கிக்குப் போய்விடும். அதை வங்கியூடாகத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது இன்னொரு அலைச்சல்.

பெயரை மாற்றவே மனமில்லாத தாய்மாரும் எம்மிடம் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம். மற்றக் கணக்குகளில் மட்டுமாவது பெயரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த ஒன்றை அப்படியே விடுங்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று இப்போது எமக்குத் தெரியும்.